எங்கள் தெருவுக்கே ஒரு ஃபைபர்தான், 32 வீட்டுக்கும் அதிலிருந்துதான் பிரிகிறது என்கிறார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் அனுப்பினால் மோதிக்கொள்ளாதா?

விட்டுவைத்தால் மோதத்தான் செய்யும். அதைத் தடுப்பது எக்ஸ்சேஞ்சில் இருக்கும் ஓஎல்டி என்ற கருவி.

வீட்டுக்கு வரும் திசையில் தொல்லை இல்லை. ஃபைபரை 32 ஆகப் பிரிக்கும் ஸ்பிளிட்டருக்கு மின்சாரமே கிடையாது. வருகிற வெளிச்சத்தைப் பிரித்து 32 வீட்டுக்கும் ஒரே தகவலை அனுப்பிவிடும். உங்கள் வீட்டுப் பெட்டி (ஓஎன்டி) தனக்கு உரியதை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

சிக்கல் வீட்டிலிருந்து போகும் திசையில்தான். ஜிபான் என்ற இந்த ஃபைபர் முறையில் நேரத்தை 125 மைக்ரோசெகண்ட் துண்டுகளாக வெட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு துண்டிலும் 19,440 பைட் போகும். எந்த வீடு எந்த பைட்டில் தொடங்கி எதில் நிறுத்த வேண்டும் என்ற பட்டியலை ஓஎல்டி ஒவ்வொரு துண்டுக்கும் அனுப்புகிறது. தன் முறை வரும்போதுதான் ஓஎன்டி லேசரைப் போடும், முடிந்ததும் அணைத்துவிடும். அனுப்ப ஒன்றும் இல்லாத வீட்டின் நேரம் மற்றவர்களுக்குப் போய்விடும்.

இதுமட்டும் போதாது, ஏனென்றால் வீடுகள் ஒரே தூரத்தில் இல்லை. ஃபைபரில் வெளிச்சம் ஒரு கிலோமீட்டர் போக சுமார் 5 மைக்ரோசெகண்ட் ஆகும். ஒரு வீடு 3 கிலோமீட்டரிலும் இன்னொன்று 3.5 கிலோமீட்டரிலும் இருந்தால், போய்வரும் நேரத்தில் 5 மைக்ரோசெகண்ட் வித்தியாசம். இரண்டு வீட்டின் முறைகளுக்கு நடுவே விடும் காவல் இடைவெளியோ 26 நானோசெகண்ட்தான். 3 மீட்டர் ஃபைபர் கூடினாலே போய்வர 30 நானோசெகண்ட் கூடிவிடும்! அதனால் புது ஓஎன்டி இணையும்போது ஓஎல்டி மற்ற எல்லாரையும் சிறிது நேரம் நிறுத்திவைத்து, அதன் பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும். பிறகு கிட்டே இருப்பவரை அதிகம் காக்கவைத்து, தூரத்தில் இருப்பவரைக் குறைவாகக் காக்கவைத்து, எல்லா வீடும் ஒரே தூரத்தில் இருப்பதுபோல் ஆக்கிவிடும். வெயிலில் ஃபைபரின் தாமதம் லேசாக மாறும். அதையும் அவ்வப்போது பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்கும்.

நிஜமான தலைவலி, முறை பார்க்காமல் லேசரைப் போட்டுக்கொண்டே இருக்கும் பழுதான ஓஎன்டி. ஒரு வீட்டுப் பழுதால் தெருவே விழும். கண்டுபிடிக்க ஒரு துப்பு உண்டு: உங்கள் வயர் மடங்கியோ அறுந்தோ இருந்தால் உங்கள் பெட்டியில் மட்டும், வெளிச்சம் வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரியும். இதிலோ வரும் வெளிச்சம் எல்லா வீட்டிலும் சரியாகவே இருக்கும், எல்ஓஎஸ் எரியாது. எக்ஸ்சேஞ்சோடு இணைப்பு இருக்கிறதா என்று காட்டும் பான் விளக்கு மட்டும் பல வீடுகளில் ஒரே சமயத்தில் மினுக்கும். புகார் கொடுக்கும்போது இதைச் சொன்னால் டெக்னீஷியன் உங்கள் வயரை மாற்றிக்கொண்டு நேரத்தை வீணாக்க மாட்டார். எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒவ்வொரு ஓஎன்டியாக முடக்கிப் பார்ப்பார்கள். லேசர் கட்டளைக்கே அடங்காவிட்டால் ஸ்பிளிட்டர் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு வீட்டு ஃபைபராகக் கழற்ற வேண்டியதுதான். எதைக் கழற்றியதும் மற்ற வீடுகள் உயிர்பெறுகின்றனவோ, பழுது அந்த வீட்டில்.