வட்டி 0.85% குறையுதுன்னு ஹோம் லோன மாத்தலாமா?

கேள்வி: சார், ஒரு ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனில ஹோம் லோன் ஓடுது. பாக்கி 30 லட்சம், இன்னும் 12 வருஷம், ஃப்ளோட்டிங் வட்டி 9.25%. ஒரு பேங்க் 8.40%க்கு தர்றேன்னு சொல்றாங்க. ப்ராசஸிங் ஃபீ ஜிஎஸ்டியோட 17,700, லீகல் வேல்யுவேஷன் 8,000, வீட்டுப் பத்திரத்த அடமானமா வைக்கிறதுக்கான புது எம்ஓடி பதிவு 21,000, பழைய எம்ஓடி கேன்சல் 3,500 ஆகுமாம். ரெண்டு லட்சம் மிச்சம்னு ஏஜென்ட் சொல்றார். மாத்தலாமா?

பதில்: ஏஜென்ட் சொன்ன ரெண்டு லட்சம் எங்க இருந்து வந்துச்சுன்னு முதல்ல பாத்துருவோம். இப்போ உங்க இஎம்ஐ சுமார் 34,565, புது வட்டில அதே 144 மாசத்துக்கு 33,135, ஆக மாசம் 1,430 குறையுது, அத 144ஆல பெருக்கி 2.06 லட்சம்னு சொல்லிட்டார். பெருக்கல் சரிதான், ஆனா பன்னெண்டு வருஷம் கழிச்சு மிச்சமாகுற 1,430ம் அடுத்த மாசம் மிச்சமாகுற 1,430ம் ஒரே மதிப்பா என்ன? செலவு 50,200 மட்டும் இன்னிக்கே கைய விட்டுப் போகுது. அதனால வரப்போற மிச்சத்தையும் இன்னைய மதிப்புக்கு கொண்டு வந்துட்டுதான் ரெண்டையும் பக்கத்துல வைக்கணும். எக்ஸெல்லயோ கூகுள் ஷீட்லயோ இத அடிங்க:

```
=PV(8.4%/12,144,-1430)
```

சுமார் 1,29,500 வரும். 8.4% ஏன் போட்டேன்னா இப்போ உங்களுக்கு வெளிய கடன் கிடைக்கிற விலை அதுதான். செலவு 50,200 போக நிகர லாபம் 79,300. ரெண்டு லட்சம் இல்ல, ஆனா மாத்துறதுல லாபம் இருக்கு.

ஆனா உடனே கையெழுத்து போட்றாதீங்க, இதே கணக்க இன்னொரு வழிக்கும் போட்டுப் பாக்கணும். இப்போ லோன் இருக்கிற கம்பெனிக்கே போய், வெளிய 8.40% ஆஃபர் இருக்கு, நீங்க எவ்வளவு குறைப்பீங்கன்னு கேளுங்க, பழைய கஸ்டமருக்கு கன்வர்ஷன் ஃபீ வாங்கிட்டு வட்டிய இறக்கித் தர்றது அங்கெல்லாம் சாதாரணமா நடக்கிறதுதான், நாமளா கேக்காம அவங்களா சொல்ல மாட்டாங்க, அவ்வளவுதான். 5,900 ஃபீ வாங்கிட்டு 8.65% தர்றாங்கன்னு வைங்க. மிச்சம் மாசம் 1,012தான், கேக்க கம்மியா இருக்கு. ஆனா அதே 8.4%ல இன்னைய மதிப்பு 91,600, ஃபீ போக 85,700. அதாவது கால் சதவீதம் கூட வட்டி கட்டியும் பேங்க் மாத்துறத விட 6,400 ரூபா லாபம்! லீகல், எம்ஓடின்னு எதுவும் இல்லையே, வித்தியாசம் பூரா அங்கதான்.

வீட்ட மூணு வருஷத்துல விக்கிற ஐடியாவோ, கைல பணம் வந்தா கடன முடிக்கிற ஐடியாவோ இருந்தா கணக்கு இன்னும் மாறும். அப்போ 36 மாச இஎம்ஐ மிச்சத்தையும், முடிக்கிற அன்னிக்கு பாக்கி அசல் கொஞ்சம் குறைவா இருக்கும்ல, அதையும் இன்னைய மதிப்புல சேக்கணும். அப்படிப் போட்டா பேங்க் மாத்துனா 12,500 தேறும், கம்பெனிலயே குறைச்சா 38,400 கிட்ட வரும். செலவு இன்னிக்கே மொத்தமா போயிருது, மிச்சம் மாசாமாசம்தான் வருது, சீக்கிரம் முடிக்கிற கடனுக்கு அது ஒத்து வராது.

கம்பெனி 8.75%க்கு கீழ வர மாட்டேன்னு அடம் புடிச்சா? அதே 5,900 ஃபீ போக லாபம் 70,600. பேங்க் வழி 8,700 முன்னாடி நிக்குது. அப்போ மாத்தலாம், ஆனா அந்த 8,700 ரொம்ப மெல்லிசு. புது பேங்க் பழைய கம்பெனி பேருக்கு செக் போட்ட நாள்ல இருந்து உங்களுக்கு வட்டி ஓட ஆரம்பிச்சுரும், 30 லட்சத்துக்கு 8.4%ன்னா ஒரு நாளைக்கு 690 ரூபா. அந்த செக் ஏதாவது டேபிள்ல ஒரு வாரம் தூங்குச்சுன்னா ரெண்டு பக்கமும் வட்டி, 4,800 காலி. அதனால கடன முன்கூட்டியே முடிக்க எவ்வளவு கட்டணும்னு பழைய கம்பெனி எழுதித் தர்ற ஃபோர்குளோஷர் லெட்டர கைல வாங்கிட்டு, அதுல போட்டிருக்கிற தேதிக்குள்ள செக்க நீங்களே கூட போய் குடுத்து ரசீது வாங்குங்க.

ஃபோர்குளோஷர் சார்ஜ்னு ஏதாவது கேட்டா குடுக்காதீங்க, தனிநபர் பேர்ல இருக்கிற ஃப்ளோட்டிங் ஹோம் லோனுக்கு அது வாங்கக் கூடாது. அதே மாதிரி சாங்ஷன் லெட்டர்ல 144 மாசம்தான் இருக்கான்னு பாருங்க. இத 240 ஆக்கி இஎம்ஐ 25,845தான், மாசம் 8,700 மிச்சம்னு காட்டுவாங்க, அது மிச்சமே இல்ல, கடன எட்டு வருஷம் தள்ளிப் போடுறது. லோனோட சேத்து ஒரு இன்சூரன்ஸ் பிரீமியம் நுழைஞ்சிருந்தா அதையும் செலவு கணக்குல ஏத்துங்க, 79,300 எவ்வளவு ஆகுதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.