செட்டிநாட்டு வீட்டு விற்பனை விளம்பரத்தில் என்ன காட்ட வேண்டும்?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் பழைய வீடு ஒண்ணு விற்பனைக்கு வந்திருக்கு. ஏஜென்டா நான் விளம்பரத்துல என்னென்ன போடணும்?

பதில்: வீடியோவை முகப்பில் தொடங்கி வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி வழியாகப் பின்வாசல் வரை வெட்டாமல் எடுங்க. தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் எல்லாரும் போடுவாங்க. வாங்குறவருக்குக் கூரைதான் கவலை. முற்றத்தைச் சுற்றி ஓட்டுச் சரிவுகள் சேரும் மூலையில் மழைத்தண்ணி இறங்கும். அங்கே மரச்சட்டத்தில் கறுப்புக் கறையோ கரையான் மண்ணோ இருந்தா, கிட்டப் போய் நின்னு காட்டுங்க. அகலக் கோண லென்ஸ் அறையைப் பெரிசாக்கும். டேப் பிடிச்ச அளவையே எழுதுங்க.

எல்லாத்தையும் விடப் பெரிசு, பங்கு. இந்த வீடுகள் பல பங்காளிகளுக்குப் பொதுவா இருக்கும். "ஐந்து பங்கு, நாலு பேர் சம்மதம், ஒருத்தர் மலேசியாவில், பவர் இன்னும் வரல" என்று முதல் வரியிலேயே போடுங்க. வில்லங்கச் சான்று எந்த ஆண்டிலிருந்து எடுத்ததுன்னும் சேருங்க. மறைச்சா, அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் அது வெடிக்கும்.