பழைய ஜெனரேட்டரை விற்றால் கணக்கில் எப்படி எழுதுவது?

"5,00,000-க்கு வாங்கிய ஜெனரேட்டரை 1,30,000-க்கு விற்றோம். வந்த பணம் முழுவதையும் வருமானத்தில் போடலாமா?"

கூடாது. முதலில் விற்ற தேதி வரைக்குமான தேய்மானத்தைப் பதிவு செய்யுங்கள்; பலரும் விட்டுவிடுவது இதைத்தான். அதையும் சேர்த்து மொத்தத் தேய்மானம் 4,00,000 என்று வைத்துக்கொள்வோம். புத்தக மதிப்பு 1,00,000, லாபம் வெறும் 30,000.

அப்புறம் பதிவு: வங்கி 1,30,000, திரண்ட தேய்மானம் 4,00,000 இரண்டும் பற்று, ஜெனரேட்டர் கணக்கு 5,00,000, சொத்து விற்பனை லாபம் 30,000 இரண்டும் வரவு. வாங்கியவரிடம் ஜி.எஸ்.டி. வசூலித்திருந்தால் அது இந்த 1,30,000-இல் சேராது.

பழைய இரும்புக் கடைக்கு 60,000-க்குப் போட்டிருந்தால் 40,000 நஷ்டம்; அது பற்றுப் பக்கம் போகும்.

விற்ற தொகையை மட்டும் சொத்துக் கணக்கில் கழித்துவிட்டால், கையில் இல்லாத ஜெனரேட்டர் 3,70,000-க்கு ஏட்டில் நிற்கும். அடுத்த ஆண்டு அதற்குத் தேய்மானமும் ஓடும்!