டயாலிசிஸ் செய்பவருக்கு நட்சத்திரப் பழம் ஒரு துண்டுகூட ஏன் ஆகாது?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. கடலூரில் வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். பக்கத்து வீட்டு மரத்தில் நட்சத்திரப் பழம் கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது. நாங்கள் எல்லோரும் உப்பு, மிளகாய்த்தூள் போட்டுச் சாப்பிடுகிறோம், ஒன்றும் ஆவதில்லை. டயாலிசிஸ் சென்டரில் இருக்கும் நர்ஸ் மட்டும் "அப்பா தொடவே கூடாது" என்கிறார். வாழைப்பழத்தைவிட இதில் பொட்டாசியம் குறைவு என்று படித்தேன். அப்படியிருக்க ஒரு துண்டுகூடவா ஆகாது? ஊறுகாயாகப் போட்டால்?
– மஞ்சக்குப்பம் வாசகர்

பதில்: நர்ஸ் சொன்னதுதான் சரி. ஒரு துண்டும் வேண்டாம், ஊறுகாயும் வேண்டாம்.

நீங்கள் படித்ததும் தப்பில்லை. 100 கிராம் வாழைப்பழத்தில் பொட்டாசியம் சுமார் 350 மில்லிகிராம் என்றால் நட்சத்திரப் பழத்தில் சுமார் 130தான். சிக்கலே அங்கேதான். டயாலிசிஸ் ஆரம்பித்ததும் இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறோம். காரணம் கேட்டால் "பொட்டாசியம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். வீட்டில் இருப்பவர்கள் பொட்டாசியம் குறைவான பழத்தைத் தேடும்போது இது பட்டியலில் நல்ல பிள்ளையாகத் தெரிகிறது. ஆனால் இதன் ஆபத்துக்கும் பொட்டாசியத்துக்கும் சம்பந்தமே இல்லை.

இந்தப் பழத்தில் காரம்பாக்சின் என்றொரு பொருள் இருக்கிறது. பிரேசிலில் சாவ் பாவ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் அதைப் பிரித்தெடுத்து அடையாளம் காட்டினார்கள். மூளையில் நரம்பைத் தூண்டிவிட குளூட்டமேட் என்ற ரசாயனம் உண்டு. அடக்கி வைக்க காபா என்று இன்னொன்று உண்டு. காரம்பாக்சின் குளூட்டமேட்டின் வேடம் போட்டுக்கொண்டு அதே கதவைத் திறக்கிறது, காபாவின் பிடியையும் தளர்த்துகிறது. பிரேக் பிடிக்காத வண்டியில் ஆக்சிலேட்டரை மிதித்த கதைதான்.

உங்களுக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? உங்கள் சிறுநீரகம் இரவு பகலாக ரத்தத்தை வடிகட்டிக்கொண்டே இருக்கிறது. பழத்திலிருந்து வந்தது சேர்வதற்குள் சிறுநீரில் போய்விடும். அப்பாவுக்கு அந்த வேலையை மெஷின் செய்கிறது, அதுவும் வாரத்துக்கு எட்டு மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் உள்ளே போனது வெளியேற வழியில்லாமல் ரத்தத்திலேயே சுற்றும், மூளைக்கும் போய்ச் சேரும். பண்ருட்டிப் பலாவில் பொட்டாசியம் அதிகம். அது எவ்வளவு சாப்பிட்டோம் என்ற கணக்கு. நட்சத்திரப் பழத்தில் அப்படிக் கணக்குப் போட முடியாது. அரைப் பழத்திலேயே பாதிக்கப்பட்டவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள்.

நான் பார்த்த ஒருவரைச் சொல்கிறேன். புதுச்சேரியை அடுத்த பாகூர் பக்கம், 58 வயது, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். செவ்வாய், வெள்ளி டயாலிசிஸ். ஒரு சனிக்கிழமை மதியம் நான்கு மணி வாக்கில் ஒன்றரைப் பழம் சாப்பிட்டிருக்கிறார். "நேற்றுதானே ரத்தம் சுத்தம் பண்ணினோம்" என்ற தைரியம். இரவு ஒன்பது மணிக்கு விக்கல் பிடித்தது. புரையேறினாலும் விக்கினாலும் யாரோ நினைக்கிறார்கள் என்பது நம் ஊர் வழக்கு. வீட்டில் சர்க்கரை கொடுத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், மூச்சை அடக்கச் சொன்னார்கள். நிற்கவில்லை. இரண்டு முறை வாந்தி. இரவு முழுக்கத் தூக்கமில்லை. ஞாயிறு காலையில் மனைவியைப் பார்த்து, டிப்போவுக்கு நேரமாகிவிட்டது, வண்டிச் சாவி எங்கே என்று கேட்டிருக்கிறார். கால் துவண்டு போனது.

அவசரப் பிரிவில் எல்லோருக்கும் பக்கவாதம் என்றுதான் சந்தேகம். சி.டி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. சர்க்கரை சரியாக இருந்தது. யூரியா எப்போதும் இருக்கும் அளவில்தான் இருந்தது, பொட்டாசியம் 5.2. இந்த எண்களை வைத்துக்கொண்டு மனக்குழப்பத்துக்குக் காரணம் சொல்ல முடியாது. நேற்று புதிதாக என்ன சாப்பிட்டார் என்று கேட்ட பிறகுதான் அந்த அம்மா தயங்கித் தயங்கிப் பழத்தைப் பற்றிச் சொன்னார். இதற்கென்று ரத்தப் பரிசோதனை எதுவும் நம் லேப்களில் கிடையாது. அந்த ஒரு பதில்தான் எங்களுக்குப் பரிசோதனை.

உடனே டயாலிசிஸில் போட்டோம். மூன்றாவது மணி நேரத்தில் விக்கல் நின்றது. திங்கள் காலையில் திரும்ப வந்தது. திசுக்களுக்குள் பதுங்கியிருந்தது மறுபடி ரத்தத்துக்கு வருவதால் இப்படி நடக்கும். அதனால் திங்களும் செவ்வாயும் தொடர்ந்து செய்தோம். புதன்கிழமை அவரே காபி கேட்டார். வலிப்பு வருவதற்கு முன்னால் வந்ததால் தப்பித்தார். வலிப்பு ஆரம்பித்து, நினைவும் தப்பிய பிறகு வருபவர்களில் டயாலிசிஸ் செய்தும் இறந்தவர்கள் உண்டு. வயிற்றுக்குள் திரவம் ஏற்றிச் செய்யும் டயாலிசிஸ் இதற்குப் போதாது, மெஷின் டயாலிசிஸ்தான் வேண்டும்.

இன்னொரு விஷயம், இதை யாரும் சொல்வதில்லை. நிற்காத விக்கலுக்கு பாக்லோஃபென் என்ற மாத்திரை கொடுப்பது உண்டு. அதுவும் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறும். டயாலிசிஸ் நோயாளிக்கு அந்த மாத்திரையே குழப்பத்தையும் மயக்கத்தையும் உண்டாக்கும். ஆகவே மருந்துக்கடையில் விக்கலுக்கு மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். பழம் சாப்பிட்டது தெரிந்தால், விக்கலே வராவிட்டாலும் உடனே டயாலிசிஸ் வசதி உள்ள மருத்துவமனைக்குப் போய், பழத்தின் பெயரைச் சொல்லுங்கள். சில மணி நேரம் கழித்துத்தான் அறிகுறி தொடங்கும். அந்த இடைவெளியை வீணாக்க வேண்டாம்.

ஊறுகாய் கேட்டிருந்தீர்கள். உப்பில் ஊறினாலோ வெயிலில் காய்ந்தாலோ காரம்பாக்சின் போய்விடும் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை. அந்த உப்பே அப்பாவுக்கு ஆகாது என்பது தனி. டயாலிசிஸ் தொடங்காமல் கிரியாட்டினின் ஏறிக்கொண்டிருப்பவர்களுக்கும் இதே தடைதான். பல வருடமாக சர்க்கரையும் பிரஷரும் இருந்து, சிறுநீரகத்தை ஒருமுறைகூடப் பரிசோதிக்காதவர் உங்கள் வீட்டில் இருந்தால், முதலில் கிரியாட்டினின் பார்த்துவிட்டு அப்புறம் சாப்பிடட்டும்.

சிறுநீரகம் நன்றாக உள்ள நீங்கள் அவ்வப்போது ஒரு பழம் சாப்பிடுவதில் தப்பில்லை. ஜூஸ் மட்டும் வேண்டாம். இதில் ஆக்சலேட் என்ற உப்பும் நிறைய உண்டு, புளிப்பு ரகத்தில் இன்னும் அதிகம். வெறும் வயிற்றில், சர்க்கரை நோய்க்கு நல்லது என்று யாரோ சொன்னதை நம்பி டம்ளர் டம்ளராகக் குடித்தவர்களுக்கு அந்த உப்பு படிகமாக சிறுநீரகத்தில் படிந்து, நல்லாயிருந்த சிறுநீரகமே திடீரெனச் செயலிழந்திருக்கிறது. இலங்கையில் இப்படிப் பல பேர் பதிவாகியிருக்கிறார்கள். இதன் தங்கையான புளிச்சக்காய் என்கிற பிலிம்பியின் சாற்றைக் குடித்து கேரளத்திலும் இதே கதை நடந்தது.

அப்பாவுக்குப் பழம் ஆசையாக இருந்தால் தோல் நீக்கிய அரை ஆப்பிளோ, இரண்டு துண்டு அன்னாசியோ கொடுங்கள். சர்க்கரை இருந்தால் அளவை அவருடைய டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் அவர் அன்பாக ஒரு தட்டுப் பழத்தை அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போய்விடக்கூடும்.