மளிகைக் கடைக்கு வாராந்திர காசு கணக்கு: 14ஆம் தேதி கல்லா நிறைஞ்சிருந்தும் 17ஆம் தேதி ஏன் இடிக்குது

கேள்வி: சார், டவுன்ல மளிகைக் கடை வச்சிருக்கேன், மாசம் ஆறு லட்சம் கிட்ட ஓடுது. கணக்கு பாத்தா லாபம் தெரியுது, ஆனா 15ஆம் தேதி தாண்டினா தடுமாற்றம்தான், போன மாசம் அரிசி மண்டிக்கு குடுத்த செக் ரிட்டர்ன் ஆயிடுச்சு. பழைய வரவு, சப்ளையருக்கு குடுக்கற தேதி, லோன் தவணை எல்லாம் நோட்டுல இருக்கு. இதை வச்சு வாராவாரம் எவ்வளவு வரும், எவ்வளவு போகும்னு முன்னாடியே எப்படி போடறது?

பதில்: முதல்ல விற்பனையை ஓரமா வச்சிடுங்க, பில் புக்கும் வேண்டாம். நமக்கு வேண்டியது எந்த தேதில எவ்வளவு காசு கைக்கு வந்துச்சுங்கறது மட்டும்தான். கடனுக்கு போன சரக்கு இதுல வராது, அந்த கடனை கஸ்டமர் 3ஆம் தேதி சம்பளம் வாங்கி கட்டினா அது 3ஆம் தேதி வரவு. ஒரு நாளோட வரவை இப்படி எடுங்க: ராத்திரி கல்லாவுல 14,200 இருக்கு, காலைல சில்லறைக்கு 2,000 வச்சிருந்தீங்க, அதை கழிங்க, 12,200. பகல்ல கல்லாவுல இருந்தே பாலுக்கு 1,800, காய்கறிக்கு 1,700, வீட்டுக்கு 500 எடுத்திருந்தா அந்த 4,000-ஐ திருப்பி கூட்டுங்க, ஏன்னா அதுவும் அன்னைக்கு வந்த காசுதான். க்யூஆர்ல வந்தது 8,300. ஆக 24,500.

இந்த இடத்துல நிறைய பேருக்கு கணக்கு உப்பிடும், கல்லா காசை பேங்க்ல கட்டுவாங்க, அப்புறம் பேங்க் பாஸ்புக்ல வரவுன்னு இருக்கறதையெல்லாம் கூட்டுவாங்க, ஒரே காசு ரெண்டு தடவை வந்துடும். சீட்டு எடுத்த பணம், மச்சான்கிட்ட கைமாத்தா வாங்கினது, நகை வச்சு வாங்கினது இதெல்லாமும் வரவுல சேரக்கூடாது, அது கடை சம்பாதிச்சது இல்ல, அடுத்த மாசமும் அதே மாதிரி வரப்போறதும் இல்ல.

இப்ப மூணு மாசத்தை எடுத்துக்கோங்க. 2026 ஜூனுக்கு போடறீங்கன்னா மார்ச் 1ல இருந்து மே 31 வரை, 92 நாள். ஷீட்ல A-ல தேதி, B-ல அன்னைக்கு வரவு, கடை லீவு விட்ட நாளுக்கு 0 போடுங்க, காலியா விடாதீங்க. மாச சராசரி எடுத்தா இந்த கணக்கால ஒரு பிரயோஜனமும் இல்ல. மளிகைக் கடைல சம்பளம் வர்ற முதல் பத்து நாள் ஒரு மாதிரி ஓடும், நடு பத்து நாள் வேற மாதிரி, கடைசி பத்து நாள்ல எல்லாரும் பாக்கெட்டை விட்டுட்டு அரைக்கிலோ கால்கிலோன்னு வாங்குவாங்க, கடன் நோட்டும் அப்பதான் தடிக்கும். அதனால மாசத்தை மூணா வெட்டி தனித்தனியா எடுக்கணும். முதல் பத்து நாளுக்கு ஃபார்முலா:

```
=SUMPRODUCT((DAY(A2:A93)<=10)*B2:B93)/SUMPRODUCT((DAY(A2:A93)<=10)*1)
```

நடு பத்துக்கும் கடைசி பத்துக்கும் இதையே DAY பக்கத்துல இருக்கற கண்டிஷனை மட்டும் மாத்திக்கோங்க. பண்டிகை வாரம் ஏதாவது நடுவுல வந்திருந்தா அந்த நாட்களை சாதாரண நாள் அளவுக்கு குறைச்சுட்டு எடுங்க. போன வருஷ ஜூன் நோட்டு இருந்தா அதையும் ஒரு தடவை பாருங்க, ஸ்கூல் திறக்கற மாசத்துல ஃபீஸ், யூனிஃபார்ம்னு வீடுகள்ல கை இறுகிடும்.

உங்க அளவு கடைக்கு ஒரு கணக்கு போட்டு காட்டறேன். முதல் பத்து நாள் தினம் 26,000, நடு பத்து 19,000, கடைசி பத்து 16,000-ன்னு வச்சுக்கோங்க, மாசம் 6,10,000. 2026 ஜூன் 1 திங்கக்கிழமை, அதனால வாரம் சரியா 1-7, 8-14, 15-21, 22-28-ன்னு விழும். வரவு முறையே 1,82,000, 1,54,000, 1,30,000, 1,12,000. ரெண்டாவது வாரத்துல 8, 9, 10 மூணு நாள் 26,000 ரேட்ல, மீதி நாலு நாள் 19,000 ரேட்ல, வாரத்துக்குள்ள தேதி மாறும்போது இப்படித்தான் பிரிச்சு போடணும்.

செலவுல வாராவாரம் வர்றது தனி, தேதி போட்டு வர்றது தனி. வாராவாரம்னா லைன் சேல்ஸ்மேன்கள், பழைய பில்லை கட்டினாத்தான் புது சரக்கு இறக்குவாங்க, எல்லா ஏஜென்சியும் சேத்து வாரம் 55,000. பால், காய், பிரெட்டுக்கு தினம் 3,500, வீட்டுக்கு வாரம் 5,000. மொத்தம் வாரம் 84,500. தேதி போட்டு வர்றது, 5ஆம் தேதி வாடகை 12,000, கடைப் பையன் சம்பளம் 12,000, 10ஆம் தேதி சீட்டு 5,000, 12ஆம் தேதி ஒரு பருப்பு பார்ட்டிக்கு 20,000. அப்புறம் பெரிசு மூணு: 15ஆம் தேதி இஎம்ஐ 21,500, 16ஆம் தேதி அரிசி மண்டி செக் 90,000, 17ஆம் தேதி எண்ணெய் 62,000. சப்ளையர் தேதியை பில் தேதில இருந்து எண்ணாம, நீங்க உண்மையா எந்த நாள்ல குடுக்கறீங்களோ அதை போடுங்க, 15 நாள் தவணைன்னு வாயால சொல்லிட்டு 18ஆம் நாள் குடுக்கறதுதான் உங்க வழக்கம்னா 18ன்னே எழுதுங்க.

மே 31 ராத்திரி கல்லாவும் பேங்கும் சேத்து 40,000 இருக்குன்னா, முதல் வாரம் முடிவுல 1,13,500, ரெண்டாவது வாரம் முடிவுல 1,58,000, மூணாவது 30,000, நாலாவது 57,500. எங்கயும் மைனஸ் இல்லயே, அப்புறம் ஏன் செக் ரிட்டர்ன் ஆகுதுன்னு தோணும். இங்கதான் விஷயமே இருக்கு. மூணாவது வாரத்தை மட்டும் நாள் நாளா விரிச்சு பாருங்க. 1,58,000-ஓட திங்கள் ஆரம்பிக்குது, புதன் ராத்திரி வரைக்கும் வர்றது 57,000. அதே மூணு நாள்ல பெரிசு மூணும் சேந்து 1,73,500 போகுது, சேல்ஸ்மேன்கள் செவ்வாய் புதன்ல வந்து 55,000 வாங்கிட்டு போறாங்க, தினச்செலவு 10,500. புதன்கிழமை 24,000 குறையுது. ஞாயித்துக்கிழமை மறுபடி 30,000 இருக்கும், ஆனா செக் ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்காது. அதனால எந்த வாரம் முடிவு இருப்பு ஒரு வார தினச்செலவு, சேல்ஸ்மேன் பணத்தை விட குறைவா வருதோ, அந்த வாரத்தை மட்டும் நாள் வாரியா போட்டே ஆகணும், மத்த வாரங்களுக்கு வேண்டாம்.

இன்னொண்ணு, 14ஆம் தேதி கையில இருக்கற 1,58,000-ஐ பாத்து ஏமாறாதீங்க, அதுல பெரும் பங்கு மண்டிக்காரருக்கும் எண்ணெய்க்காரருக்கும் போக வேண்டியது. அந்த வாரத்துலதான் சேல்ஸ்மேன் வந்து பத்து கேஸ் எடுத்தா ஒண்ணு ஃப்ரீன்னு ஸ்கீம் சொல்லுவார், கையில காசு இருக்கேன்னு எடுத்தீங்கன்னா 24,000 பள்ளம் 50,000 ஆயிடும். ஸ்கீம் எடுக்கற முடிவை அந்த வார இருப்பை வச்சு எடுக்காதீங்க, அதுக்கு அடுத்து வர்ற ரெண்டு வாரத்துல இருக்கற குறைஞ்ச இருப்பை வச்சு எடுங்க.

சரி, பள்ளத்தை எப்படி அடைக்கறது? நிறைய பேர் அரிசி செக்கை ரெண்டா பிரிச்சு 9ஆம் தேதி பாதி, 16ஆம் தேதி பாதின்னு குடுப்பாங்க. பாரம் குறைஞ்ச மாதிரி தோணும், ஆனா புதன் ராத்திரி அதே 24,000 குறையும், ஏன்னா 17ஆம் தேதிக்குள்ள போற மொத்தம் மாறவே இல்ல. பள்ளத்துக்கு முன்னாடி நகத்தறதால பிரயோஜனம் கிடையாது, பின்னாடி நகத்தணும். 16ஆம் தேதி 45,000, 24ஆம் தேதி 45,000-ன்னு மண்டிக்காரர்கிட்ட பேசுங்க, புதன்கிழமை 21,000 மிச்சம் நிக்கும், நாலாவது வார முடிவு அதே 57,500தான். ஒரு செக் திரும்பினப்புறம் போய் கெஞ்சறதை விட, சரக்கு இறக்கும்போதே ரெண்டு தேதி எழுதி குடுத்தா ஒத்துக்கற வாய்ப்பு அதிகம். எண்ணெயை 2ஆம் தேதி வாங்கறதுக்கு பதிலா 20ஆம் தேதி வாங்கற மாதிரி மெதுவா மாத்திட்டீங்கன்னா, அதே 15 நாள் தவணை 5ஆம் தேதி பக்கம் போய் நிக்கும், காசு நல்லா வர்ற வாரம் அது. தண்டல் பணம் வாங்கி மட்டும் இதை அடைக்காதீங்க. புதன்கிழமை பள்ளம் நாலு நாள்ல தானா மூடிக்கும், தண்டல் மாசக்கணக்குல தினமும் கல்லாவுல கை வைக்கும்.

பேங்க் பக்கமும் ரெண்டு விஷயம் மாறியிருக்கு. 2021 ஆகஸ்ட் 1ல இருந்து தவணை பிடிக்கிற நாச் எல்லா நாளும் ஓடுது, ஞாயிறு, லீவு எல்லாம் சேத்து. 15ஆம் தேதி லீவுன்னா அடுத்த நாள்தானே பிடிப்பாங்கன்னு இருக்காதீங்க, முந்தின நாள் ராத்திரியே அக்கவுண்ட்ல இருக்கணும், 2026 ஜூன்ல அது 14, ஞாயித்துக்கிழமை, பிராஞ்ச்ல கட்ட முடியாது. செக்கும் அப்படித்தான், 2025 அக்டோபர் 4ல இருந்து போட்ட அன்னைக்கே கிளியரிங் ஆகற முறை வந்தாச்சு, ரெண்டு நாள் கேப்புல பணம் கட்டிக்கலாம்ங்கற பழைய பழக்கம் இனிமே காப்பாத்தாது. க்யூஆர் பணம் ஒரு பேங்க்லயும் தவணை இன்னொரு பேங்க்லயும் இருந்தா, ஷீட்ல இருப்பை கல்லா, இந்த பேங்க், அந்த பேங்க்னு மூணா பிரிச்சு எழுதுங்க. மொத்தத்துல காசு இருந்தும் தவணை பவுன்ஸ் ஆகறது இதனாலதான்.

முதல் தடவை எட்டு வாரத்துக்கு போட்டா போதும். ஒவ்வொரு ஞாயிறு ராத்திரியும் முடிஞ்ச வாரத்துக்கு உண்மையா வந்ததை பக்கத்துல எழுதி, கடைசில ஒரு புது வாரத்தை சேருங்க. வரவு குறைஞ்சிருந்தா முதல்ல கடன் நோட்டை பாருங்க, அங்க அதே அளவு ஏறியிருந்தா வியாபாரம் குறையல, வசூல்தான் குறைஞ்சிருக்கு. செலவு கூடியிருந்தா பெரும்பாலும் லிஸ்ட்லயே இல்லாத ஒண்ணா இருக்கும், ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வர்ற கரண்ட் பில் மாதிரி. நீங்க ஜிஎஸ்டி-ல காம்போசிஷன்ல இருந்தா ஏப்ரல்-ஜூன் வரி ஜூலை 18க்குள்ள கட்டணும், அதுவும் உங்களோட அதே மூணாவது வாரத்துலதான் விழுது, இப்பவே அந்த வரிசையை போட்டு வச்சுட்டு ஜூலை அரிசி செக் தேதியை பேசப் போங்க.