அப்பாவின் நோட்டில் ‘நி’

கேள்வி: நியூமராலஜி பொருத்தம் பார்த்துக் கல்யாணம் முடிவு செய்தவங்க யாராவது இருக்கீங்களா? நம்பர் சரியில்லைன்னு சொன்னா நல்ல வரனை விட்டுடலாமா?

எங்க அப்பாவே நியூமராலஜிஸ்ட். திருச்சி உறையூரில் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். அதற்கு முன்னால் சின்ன அச்சகம் வைத்திருந்தார். கடன் முற்றி மெஷினை விற்ற பிறகு, அவருக்குத் தெரிந்த ஒரே சரக்கு எழுத்து என்பதால் இதற்கு வந்தார் என்று சித்தப்பா கிண்டல் செய்வார்.

நான் பிறந்தது 17-5-1995. தேதியைக் கூட்டினால் 8, அதாவது சனி. மொத்தத்தையும் கூட்டினால் 37, அது சுருங்கி 1. பிறவி எண் 8, விதி எண் 1. பெயரை இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கில்தான் கூட்டுவார்கள், ஒவ்வொரு எழுத்துக்கும் 1 முதல் 8 வரை ஒரு மதிப்பு. இனிஷியலோடு என் பெயர் 26 வந்தது. அதுவும் 8. மகளுக்கு 8 மேல் 8 விழுந்தால் அப்பா சும்மா இருப்பாரா? பள்ளியில் சேர்க்கும்போதே ஒரு V-யைச் சேர்த்துவிட்டார்.

K. REVVATHI = 2 + (2+5+6+6+1+4+5+1) = 32

32 என்றால் 5, புதன், நல்ல எண். அந்த இரண்டாவது V-க்காகப் பாஸ்போர்ட் வரைக்கும் நான் பட்ட பாடு தனிக் கதை.

இப்போது வரன் விஷயம். தோழியின் அண்ணன். கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் துவாக்குடியில் லேத் பட்டறை போட்டிருந்தார். அவரே என்னிடம் நேராகக் கேட்டார், எனக்கும் பிடித்திருந்தது. பிறந்த தேதி 22-7-1993. பிறவி எண் 4, ராகு. அப்பா பேப்பரில் 4-ஐயும் 8-ஐயும் எழுதி வட்டம் போட்டார். "நாலும் எட்டும் ஒண்ணை ஒண்ணு இழுக்கும் பாப்பா. இழுத்துக்கிட்டே ரெண்டும் சேர்ந்து குழியில விழும். வேண்டாம்."

நான் லேப் டெக்னீஷியன். காலையில் முதல் நோயாளியின் ரத்தத்தை மெஷினில் வைக்கும் முன், அளவு முன்கூட்டியே தெரிந்த கன்ட்ரோலை ஓட்டுவோம். தெரிந்த அளவே தப்பாக வந்தால் அன்றைக்கு ரிப்போர்ட் கிடையாது. சந்தேகம் வந்தால் ஒரே ரத்தத்தை இரண்டு ட்யூபில், இரண்டு பெயரில் அனுப்பிப் பார்ப்பதும் உண்டு. அன்று ராத்திரி எனக்கு அதுதான் தோன்றியது. என் ஜாதகத்தையே வேறு பெயரில் அனுப்பினால் என்ன?

என் தேதியைக் கொடுத்தால் அப்பா கண்டுபிடித்துவிடுவார். வெறுமனே 8 வருகிற தேதியும் போதாது. 8, 17, 26 மூன்றுக்கும் தனித்தனிப் பலன் உண்டு, 26 என்று கொடுத்தால் "அது வேற கூட்டு எண்" என்று நழுவிவிடலாம். அதனால் 17-ஐ அப்படியே வைத்து, 17-6-1994 என்று எடுத்தேன். இதுவும் 37 வருகிறது. பெயருக்கு அரை மணி நேரம் தேடினேன்: P. SUMATHI = 8 + 24 = 32. மாப்பிள்ளைக்கு 22-8-1992. அவர் தேதியைப் போலவே இதுவும் 33, விதி எண் 6. அப்பாவின் கணக்குப்படி சுமதியும் நானும் ஒரே ஆள், அவள் மாப்பிள்ளையும் என்னவரும் ஒரே ஆள்.

எங்கள் லேபில் ரத்தம் எடுக்கும் செல்வி அக்காவை அப்பா பார்த்ததில்லை. தங்கச்சி மகள் என்று சொல்லி அக்கா போய்விட்டு வந்தார். முகத்தில் ஒரே சிரிப்பு. "தாராளமா பண்ணலாம்னுட்டார்டி. ராகுவும் சனியும் ஒண்ணை ஒண்ணு இழுக்குமாம், பாடுபட்டு மேல வர்ற ஜோடியாம். மாப்பிள்ளை கையெழுத்துல மட்டும் ஒரு எழுத்து சேர்க்கணுமாம்."

அதே இழுப்பு. எனக்குக் குழி, சுமதிக்கு மேடு.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரு தடவை கன்ட்ரோல் தப்பினால் மெஷின் கெட்டுவிட்டது என்று நாங்கள் எழுதமாட்டோம், இடையில் என்ன மாறியது என்று முதலில் பார்ப்போம். நடந்ததை ஒரு வரி விடாமல் சொல்லச் சொன்னேன். அப்பா முதலில் தேதியைக் கேட்கவில்லையாம். "நிச்சயம் ஆயிடுச்சாம்மா?" என்றுதான் கேட்டாராம். இதை நாங்கள் பேசி வைக்கவில்லை, அக்கா திணறி, "தாம்பூலம் மாத்தியாச்சு சார், மண்டபத்துக்கு அட்வான்ஸும் குடுத்தாச்சு" என்று அடித்துவிட்டிருக்கிறார். சோதனையே கெட்டது என்று அக்காவைத் திட்டினேன். பிறகுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா கோயிலுக்குப் போன நேரத்தில் அவருடைய பொருத்த நோட்டுகளை இறக்கினேன். கோடு போட்ட நீள நோட்டு, பக்கத்துக்கு ஒரு ஜோடி, கீழே முடிவு. 4-8 ஜோடிகளை மட்டும் பொறுக்கினேன், 19 இருந்தன. ஒன்பதில் "தவிர்க்க", பத்தில் "செய்யலாம், எழுத்துத் திருத்தத்துடன்". அந்தப் பத்துப் பக்கங்களிலும் மேல் மூலையில் பென்சிலால் பொடியாக ‘நி’ என்று இருந்தது. தவிர்க்கச் சொன்ன ஒன்பதில் ஒன்றிலும் அது இல்லை.

சாயங்காலம் என் பேப்பரையும் சுமதி பேப்பரையும் அவர் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைப் போட்டு இரண்டையும் கூட்டிப் பார்த்தார். "கணக்கு சுத்தமா போட்டிருக்கே" என்றார்.

"எப்படிப்பா பலன் மாறுச்சு?"

"அந்தம்மா மண்டபத்துக்குப் பணம் கட்டிட்டேன்னாங்க. அதுக்கப்புறம் நான் ஆகாதுன்னா என்ன ஆகும்? கல்யாணம் நிக்கும், அந்தப் பொண்ணுக்கு ராசியில்லாதவன்னு பேரு வரும். நிச்சயமான இடத்துல நான் ஆகாதுன்னு சொன்னதே இல்ல பாப்பா."

"அப்போ எனக்கு?"

"உனக்கு இன்னும் மண்டபம் புக் பண்ணலையே."

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு, "மெஷின் வாங்கக் கடன் வாங்கியிருக்கானாமே" என்றார். இதுதான் விஷயம். ராகுவும் இல்லை, சனியும் இல்லை. டெம்போவில் ஏறிப்போன அவருடைய அச்சு மெஷின்.

இதை எண்ணில் ஒளிக்காமல் முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும். மறுநாளே என்னவரிடம் கேட்டேன். எவ்வளவு கடன், எங்கே வாங்கினது, மாதத் தவணை என்ன, ஆர்டர் வராத மாதம் எதில் கட்டுவீர்கள்? அவர் பாஸ்புக்கையே கொண்டுவந்து காட்டினார். வங்கிக் கடன் மட்டும்தான், ஒன்றரை வருஷத்தில் ஒரு தவணை மட்டும் பத்து நாள் தள்ளியிருந்தது. அப்பாவும் ஒரு நாள் பட்டறைக்குப் போய், லேத் ஓடுகிற சத்தத்தில் அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்தார். அதன் பிறகுதான் நான் சரி என்று சொன்னேன்.

என் சோதனையால் நியூமராலஜி பொய் என்று நிரூபித்துவிட்டதாகச் சொல்லவில்லை. ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு அலமாரி நோட்டு. உங்களுக்கு "ஆகாது" என்று சொன்னவர் நிச்சயம் ஆனதா என்று முதலில் கேட்டாரா, அதை மட்டும் யோசித்துப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்கள் யாராவது எண்ணைச் சொல்லித் தடுத்தால், அவர்களுக்கு அந்த வரனிடம் வேறு எது உறுத்துகிறது என்று கேளுங்கள்.

பத்திரிகையில் இரண்டு V-யும் அப்படியே இருந்தது, அதற்குமேல் அவரோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. கல்யாணத்தன்று பந்தியில் செல்வி அக்கா இலை முன்னால் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாராம். அப்பா பாயசத் தூக்கோடு வந்து நின்று, "உங்க தங்கச்சி மக சுமதி வரலையாம்மா?" என்று கேட்டாராம்.