வழிகாட்டி–மாணவர் சந்திப்புப் பதிவேடு: உறுப்பினர்களின் கேள்விகளும் பதில்களும்

கல்லூரிக்கு முதல் தலைமுறையாக வரும் மாணவர்களுக்கும் வேலையில் இருப்பவர்களுக்கும் இடையே பதினெட்டு மாதம் நடக்கும் ஒரு தன்னார்வத் திட்டத்தில், பல ஆண்டுகளாகச் சந்திப்புப் பதிவேட்டைப் பார்த்துவருகிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

“சந்திப்பு வேறு நாளுக்குத் தள்ளிப்போனால், பழைய தேதியை அழித்துவிட்டுப் புதிய தேதியைப் போடுகிறேன். சரிதானே, அம்மா?” (புதிய ஒருங்கிணைப்பாளர், மதுரை)

அழிக்காதீர்கள். முதலில் ஒப்புக்கொண்ட தேதிதான் பதிவேட்டில் மிகவும் மதிப்புள்ள தகவல், அதை அழித்தால் திரும்பப் பெற வழியே கிடையாது. தள்ளிப்போன சந்திப்பின் வரியை அப்படியே விட்டுவிட்டு, நிலை என்ற கட்டத்தில் “மாற்றப்பட்டது” என்று குறியுங்கள். அதன் கீழே அதே சந்திப்பு எண்ணுடன் இன்னொரு வரி சேர்த்து, புதிய தேதியையும் அது நடந்ததா இல்லையா என்பதையும் எழுதுங்கள். 14-ஆம் சந்திப்பு மூன்று முறை தள்ளிப்போனால், 14 என்ற எண்ணில் நான்கு வரிகள் இருக்கும்.

மாற்றக் கேட்டவர் யார், எப்போது கேட்டார் என்று இரண்டு கட்டங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் முன்பே சொல்லி மாற்றுவதும், ஐந்து மணிச் சந்திப்புக்கு ஐந்தே காலுக்கு “இன்று முடியாது” என்று செய்தி அனுப்புவதும் ஒன்றல்ல. இரண்டாவதை நான் மாற்றமாகவே எழுதுவதில்லை, தவறியது என்றுதான் எழுதுகிறேன்.

“எங்கள் அறிக்கையில் வருகை 85 விழுக்காடு என்று வருகிறது. ஆனால் மாணவர்களைக் கேட்டால் பாதிதான் நடந்தது என்கிறார்கள். யார் சொல்வது சரி?” (திட்ட அலுவலர்)

இரு தரப்பும் தாங்கள் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். என்னிடம் இருக்கும் ஓர் இணையின், அதாவது ஒரு வழிகாட்டியும் அவருடைய மாணவரும் சேர்ந்த ஜோடியின், பதிவையே எடுத்துக்கொள்வோம். 2023 ஜனவரி 7 முதல் 2024 ஜூன் 22 வரை, இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை என 39 சந்திப்புகள் ஒப்புக்கொள்ளப்பட்டன. சொன்ன நாளிலேயே நடந்தவை 21. தள்ளிப்போய்ப் பிறகு நடந்தவை 7. தள்ளிப்போய், மாற்றிய நாளிலும் நடக்காமல் போனவை 4. மாற்றம் எதுவும் கேட்காமலே தவறியவை 5. செமஸ்டர் தேர்வுக்காக முன்கூட்டியே விலக்கு அளித்தவை 2.

விலக்கைக் கழித்தால் நடந்திருக்க வேண்டியவை 37, நடந்தவை 28, அதாவது ஏறத்தாழ 76 விழுக்காடு. சொன்ன நாளில் நடந்ததை மட்டும் பார்த்தால் 57. உங்கள் 85 எங்கிருந்து வருகிறது என்றால், தள்ளிப்போய் மறைந்த அந்த நான்கும் “மாற்றப்பட்டது” என்ற நிலையிலேயே நின்றுவிடுகின்றன. அவை நடந்தவற்றிலும் சேர்வதில்லை, தவறியவற்றிலும் சேர்வதில்லை. ஆகவே கணக்கு 33-க்கு 28 என்று ஆகிவிடுகிறது. மாணவரோ எந்தச் சனிக்கிழமை காத்திருந்தோம் என்பதை வைத்துப் பேசுகிறார், அவர் மனதில் இருப்பது 57. அறிக்கையில் 76, 57 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுங்கள், ஒன்றை மட்டும் கொடுக்காதீர்கள்.

விலக்கு பற்றி ஒரு கண்டிப்பு வேண்டும். தேர்வு, பொங்கல், தீபாவளி எதுவாக இருந்தாலும், அந்த நாள் வருவதற்கு முன்பே விலக்கு எழுதப்பட்டிருக்க வேண்டும். நாள் கடந்தபின் எழுதும் விலக்கு, தவறிய சந்திப்புக்கு மாற்றிய பெயர்தான்.

“தவறியது தவறியதுதான். யாரால் தவறியது என்று எழுதுவது குற்றம் சாட்டுவதில்தான் முடியும். அந்தக் கட்டமே வேண்டாம் என்பது என் கருத்து.” (வழிகாட்டி, ஆறு ஆண்டு அனுபவம்)

ஐயா, காரணத்தை எழுதக் கூடாது என்ற அளவில் நீங்கள் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். “அக்கறையில்லை”, “பொறுப்பற்றவர்” போன்ற சொற்கள் பதிவேட்டில் ஏறினால், பிறகு யார் திறந்து பார்த்தாலும் அந்த மாணவர் அப்படியே தெரிவார். ஆனால் மாற்றக் கேட்டவர் யார் என்பது தீர்ப்பு அல்ல, நடந்த நிகழ்வு. அது இல்லாமல் போனால் பழி பெரும்பாலும் மாணவர் மீதுதான் விழுகிறது.

மேலே சொன்ன அதே இணையையே பாருங்கள். தள்ளிப்போன 11 சந்திப்புகளில் 10-ஐ மாற்றக் கேட்டவர் வழிகாட்டி, மாணவர் கேட்டது ஒன்றே ஒன்று. 14-ஆம் சந்திப்பு 2023 ஜூலை 8, சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு என்று இருந்தது. வழிகாட்டிக்கு அலுவலகத்தில் வேலை நெருக்கியதால், முதல் நாள் மாலை அதை ஜூலை 12, புதன்கிழமை இரவு எட்டரைக்கு மாற்றினார். மாணவர் “சரிங்க சார்” என்று பதில் அனுப்பினார், ஆனால் புதன்கிழமை வரவில்லை. இப்படி மறைந்த நான்கும் வாரநாள் இரவுக்கு மாற்றப்பட்டவை. அந்த மாணவர் திங்கள் முதல் வெள்ளி வரை இரவு ஒன்பது மணிவரை ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தார் என்பது, இந்த வரிகளை வரிசையாக வைத்துப் பார்த்து அவரிடம் கேட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பெரியவர் ஒருவர் நேரம் சொன்னால் “அந்த நேரம் எனக்கு ஒத்துவராது” என்று சொல்ல அவருக்குக் கூச்சம். பழைய தேதியை அழித்திருந்தால், மாணவர் நான்கு முறை வராமல் இருந்தார் என்பது மட்டுமே மிஞ்சியிருக்கும்.

“அக்கா, என் வழிகாட்டி இரண்டு மாதமாக அழைக்கவே இல்லை. பதிவேட்டில் நான் வரவில்லை என்று எழுதிவிடுவார்களா?” (இரண்டாம் ஆண்டு மாணவி)

தம்பி தங்கைகளிடமிருந்து இந்தக் கேள்வி ஒவ்வோர் ஆண்டும் எனக்கு வருகிறது, கேட்டதற்கு நன்றி அம்மா. உங்கள் திட்டத்தில் பதிவேட்டை வழிகாட்டி மட்டும் நிரப்புகிறார் என்றால் நீங்கள் அஞ்சுவது நடக்கக்கூடியதே. ஒப்புக்கொண்ட தேதிகளையும், அன்று நீங்கள் அனுப்பிய செய்திகளையும் ஒரு தாளில் வரிசையாகக் குறித்து உங்கள் ஒருங்கிணைப்பாளருக்கு இன்றே அனுப்புங்கள். குறை சொல்கிறோமே என்று தயங்க வேண்டாம், “இந்தத் தேதிகளில் சந்திப்பு நடக்கவில்லை” என்ற ஒரு வரி போதும்.

ஒருங்கிணைப்பாளர்கள் இதிலிருந்து ஒன்றைக் கவனிக்க வேண்டும். சராசரி விழுக்காடு இப்படிப்பட்ட இடைவெளியைக் காட்டவே காட்டாது. 76 விழுக்காடு பெற்ற அதே இணையில் ஜூன் 24-க்கும் செப்டம்பர் 2-க்கும் நடுவே ஒரு சந்திப்பும் இல்லை. ஆகவே நடந்த இரு சந்திப்புகளுக்கு இடையே இருந்த மிக நீண்ட இடைவெளி எத்தனை நாள் என்று தனியாக ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். இந்த இணைக்கு அது 70 நாள். நாற்பது நாள் தாண்டினால் நானே இருவரையும் தனித்தனியாக அழைத்துப் பேசுகிறேன்.

“கூகுள் ஷீட்டில் கணக்கு தப்பாக வருகிறது. நடந்த சந்திப்புகளில் சில எண்ணிக்கையில் வரவில்லை, சில தேதிகள் டிசம்பருக்குப் போய்விட்டன.” (தன்னார்வலர், கோவை)

இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். தேதி தாவுவதற்குக் காரணம், கோப்பு அமெரிக்க வழக்கில் இருப்பது. 12/07/2023 என்று நீங்கள் தட்டினால் அது டிசம்பர் 7 என்று எடுத்துக்கொள்கிறது. 22/07/2023 என்று தட்டினால் 22-ஆம் மாதம் இல்லாததால் அதை வெறும் எழுத்தாகவே விட்டுவிடுகிறது. கட்டத்தில் வலப்பக்கம் ஒட்டியிருந்தால் அது தேதி, இடப்பக்கம் ஒட்டியிருந்தால் எழுத்து. ஒரே பத்தியில் இரண்டும் கலந்திருந்தால் கோளாறு இதுதான். `File > Settings > Locale` என்ற இடத்தில் `India` என்று மாற்றுங்கள். ஆனால் ஏற்கெனவே தவறாகப் பதிந்த தேதிகள் தாமாகத் திருந்தா, அவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும்.

எண்ணிக்கை குறைவது, “நடந்தது” என்பதை ஒருவர் “நடந்தது.” என்று புள்ளியோடும் இன்னொருவர் “முடிந்தது” என்றும் எழுதுவதால். நிலைக் கட்டத்தில் தேர்ந்தெடுக்கும் பட்டியலை வைத்துவிடுங்கள். ஓர் இணைக்கு ஒரு தாள், A பத்தியில் சந்திப்பு எண், E பத்தியில் நிலை என்றால் இது போதும்:

```
=COUNTIF(E2:E,"நடந்தது")/(COUNTUNIQUE(A2:A)-COUNTIF(E2:E,"விலக்கு"))
```

இன்னும் வராத சந்திப்புகளின் எண்களை முன்கூட்டியே அந்தத் தாளில் நிரப்பி வைக்காதீர்கள், வைத்தால் அவையும் நடக்காதவையாக எண்ணப்படும்.

“எங்கள் கல்லூரியில் தர மதிப்பீடு செய்யும் நாக் குழு வருவதற்கு முந்தைய வாரம் எல்லாப் பதிவேடுகளையும் ஒரே மூச்சில் நிரப்புகிறார்கள். அதைக் கண்டுபிடிக்க முடியுமா?” (உதவிப் பேராசிரியர்)

முடியும், பேராசிரியரே. கூகுள் படிவத்தில் நிரப்பியிருந்தால் நிரப்பிய நேரம் தானாகவே முதல் பத்தியில் பதிவாகும். ஓராண்டுச் சந்திப்புகள் ஒரே பிற்பகலில் பதிவாகியிருக்கும். கையால் எழுதும் பதிவேட்டில் ஒரே பேனா, ஒரே அழுத்தம், வரிக்கு வரி ஒரே குறிப்பு. ஆனால் எனக்கு முதலில் ஐயம் தருவது வேறு. உண்மையாக நிரப்பிய ஓராண்டுப் பதிவேட்டில் தவறிய சந்திப்பும் தள்ளிப்போன சந்திப்பும் கட்டாயம் இருக்கும். இருபது மாணவர்களும் எல்லா நாளும் வந்தார்கள் என்று இருந்தால், அதில் ஒரு தேதியாவது அரசு விடுமுறை நாளில் விழுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் விழும்.

“இரண்டாம் ஆண்டில் எங்கள் வருகை நன்றாக உயர்ந்தது. திட்டம் முதிர்ச்சி அடைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?” (அறக்கட்டளை உறுப்பினர்)

முதல் ஆண்டில் தொடங்கிய எத்தனை இணைகள் இரண்டாம் ஆண்டில் எஞ்சியிருக்கின்றன என்று எண்ணிய பிறகு சொல்லுங்கள். அடிக்கடி தவறவிட்டவர்கள் விலகிப்போனால் எஞ்சியவர்களின் சராசரி தானாகவே உயரும். அதனால் பாதியில் முறிந்த இணையின் தாளை நீக்காமல் முறிந்த தேதியைப் போட்டு வைத்திருங்கள். வழிகாட்டி மாறினால் மாணவரின் எண்ணைத் தொடரவிட்டு, இணைக்குப் புதிய எண் கொடுங்கள்.

முறிவை ஏன் தனியாகப் பார்க்க வேண்டும் என்பதற்கு 2002-இல் ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் இருவரும் அமெரிக்காவின் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் திட்டத்தில் செய்த ஆய்வைச் சொல்வேன். ஓராண்டுக்கு மேல் நீடித்த உறவுகளில் இளையோருக்கு அதிகப் பயன் கிடைத்தது. மூன்று மாதத்துக்குள் முறிந்தவற்றிலோ அவர்களின் தன்மதிப்பு குறைந்திருந்தது. அவர்கள் அளந்தது உறவின் நீளத்தை, தவறிய சந்திப்புகளின் எண்ணிக்கையை அல்ல.

“சந்திப்பு நடக்காத வாரத்தில் வாட்ஸப்பில் அரைமணி நேரம் குரல் செய்தியில் பேசிக்கொண்டோம். அதை நடந்தது என்று எழுதலாமா?” (வழிகாட்டி, சென்னை)

நான் எழுதுவதில்லை. “இடைத்தொடர்பு” என்று தனி நிலை வைத்து, சந்திப்பைத் தவறியது என்றே விடுகிறேன். ஆனால் எங்கள் குழுவிலேயே மூத்த ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இதை ஏற்பதில்லை. கிராமத்தில் ஒரே கைப்பேசியை மூவர் பகிரும் வீட்டில் குரல் செய்திதான் அந்த மாணவிக்குக் கிடைக்கும் ஒரே சந்திப்பு என்கிறார், அதற்கு என்னிடம் நல்ல மறுமொழி இல்லை. இந்த ஆண்டு அவர் பார்க்கும் இணைகளுக்கு மட்டும் அரைமணிக்கு மேல் போன இடைத்தொடர்பைத் தனியாகக் கூட்டி, இரு கணக்கையும் வைத்திருக்கிறோம். அடுத்த ஜூனில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறோம்.